கருணை மனு அல்ல, கணக்கு

அந்த மனு 'உயர்திரு முதலாளி ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்கியது. பிறகு மகள் கல்யாணக் கடன், மனைவியின் நோய். கடைசியில் 'தாங்கள் பார்த்து ஏதாவது போட்டுக் கொடுத்தால்' என்றொரு வரி. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல் புரட்டிய அண்ணன் ஒருவர் எழுதியது. அவர் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார், எவ்வளவு வரவேண்டும் என்பது எதுவும் அதில் இல்லை. இப்படி எழுதினால் முதலாளி பார்த்துப் போடுவதுதான் கூலி.

பணிக்கொடை என்கிற சொல்லிலேயே கொடை இருக்கிறது, என்ன செய்வது! ஆனால் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது கடனாகத்தான் இருந்தது.

முதலில் தேதிகளைத் தேடினோம். நிர்வாகத்தின் பி.எஃப். பதிவு 2011இல்தான் தொடங்குகிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மூன்று வருடம் போய்விடும். நல்லவேளை, பழைய இ.எஸ்.ஐ. அட்டை தகரப்பெட்டியில் கிடந்தது: சேர்ந்த நாள் 10.6.2008. விலகியது 31.1.2024. ஆக 15 வருடம், ஏழு மாதத்துக்கு மேல். மிச்சம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதுவும் முழு வருடம், எனவே 16.

கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,700 ரூபாய். அலுவலகக் கணக்கர் வாய்வார்த்தையாக 87,750 வரும் என்று சொல்லியிருந்தார். அவர் மாதத்தை 30ஆல் வகுத்து, வருடத்தையும் 15ஆக எடுத்திருக்கிறார். மாதச் சம்பளக்காரருக்குச் சட்டம் வகுக்கச் சொல்வது 26ஆல். இதை மனுவிலேயே எழுதினோம்:

```
11,700 ÷ 26 = 450
450 × 15 = 6,750
6,750 × 16 = 1,08,000
```

வித்தியாசம் 20,250 ரூபாய். வேலையை விட்ட 30 நாளுக்குள் தொகையைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் 1.2.2024 முதல் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி, அதாவது மாதம் 900. மனுத் தேதி 31.7.2024 வரை ஆறு மாதத்துக்கு 5,400.

"கல்யாணக் கடனை எடுத்துட்டீங்களே தம்பி, கஷ்டத்தைச் சொன்னாதானே இரங்குவாரு" என்றார் அண்ணன். கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அது மனுவில் இருந்தால் பேச்சு கணக்கை விட்டு இரக்கத்துக்குப் போய்விடும், அதன் பிறகு பாதித் தொகையும் பெருந்தன்மையாகிவிடும் என்று சொன்னோம். அரைமனதோடு ஒப்புக்கொண்டார். 'ஐயா' மட்டும் இருக்கட்டும் என்றார், விட்டோம்.

ஐ படிவத்தோடு இ.எஸ்.ஐ. அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை வைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூலங்கள் அண்ணனிடமே இருக்கின்றன. பதில் வராவிட்டால் அடுத்த மனு கட்டுப்பாட்டு அதிகாரியான தொழிலாளர் உதவி ஆணையருக்கு. அதற்கு அந்த ஒப்புகை அட்டை வேண்டும்.