உறக்கத்தின் வாசலில் ஓர் உதறல்

கண்மூடிப் படுத்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். உடல் தளர்ந்து, நினைவுகள் ஒன்றோடொன்று கலந்து மங்கத் தொடங்கும் நேரம். திடீரென்று மாடிப்படியில் ஒரு படி தவறியது போலவோ, கிணற்றுக்குள் விழுவது போலவோ ஓர் உணர்வு தோன்றும். கால் உதறும்; தூக்கிவாரிப் போட்டு விழித்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கும். பார்த்தால், படுத்த பாயிலேயே கிடப்போம்.

நூறு பேரில் அறுபது, எழுபது பேராவது இதனை அனுபவித்திருப்பர் என்பது உறக்க மருத்துவர்களின் கணிப்பு. ஆணென்றும் பெண்ணென்றும் இதற்கு வேறுபாடில்லை. எந்த வயதிலும் வரலாம். எங்கள் பெத்தும்மா இதனை, “உயிர் ஒரு கணம் வெளியே போய்த் திரும்புகிறது” என்பார்கள். ஜின் தள்ளிவிட்டது என்று அஞ்சுவோரும் உண்டு. நான் ஒரு மருத்துவமனையின் மூளை மின்பதிவுக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவள். மனிதர்கள் உறக்கத்துக்குள் நுழையும் அந்தச் சில நிமிடங்களைக் காகிதத்தில் கோடுகளாகப் பார்ப்பதே என் அன்றாட வேலையாக இருந்தது. ஆகவே இதைப் பற்றிச் சிறிது விளக்கமாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

விளக்கை அணைப்பது போல் உறக்கம் ஒரே நொடியில் வந்துவிடுவதில்லை. மூளையின் அடித்தண்டில், நம்மை விழிப்புடன் வைத்திருக்கும் நரம்பு வலை ஒன்று இருக்கிறது. அது தன் பிடியைத் தளர்த்தத் தளர்த்த, உறக்கத்தைக் கொணரும் பகுதிகள் மெல்ல மெல்லப் பொறுப்பேற்கின்றன. கண்ணை மூடி அமைதியாக விழித்திருப்பவரின் மின்பதிவில், வினாடிக்கு 8 முதல் 13 வரையிலான சீரான அலைகள் தலையின் பின்பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும். உறக்கம் தொடும்போது அந்த அலைகள் உடைந்து, வினாடிக்கு 4 முதல் 7 வரையிலான மெதுவான அலைகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கும். மூடிய இமைகளுக்குள் விழிகள் இருபுறமும் மிதப்பது போல் மெல்ல உருளும். தசைகள் தளரும். இதுதான் உறக்கத்தின் முதற்படி. பெரும்பாலும் ஒரு நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம் வரை நீடிக்கும். இந்நிலையில் எழுப்பினால், “நான் தூங்கவே இல்லையே!” என்றுதான் பலரும் சொல்வர்.

இந்தக் கைமாற்றம் எப்போதும் சமச்சீராக நடப்பதில்லை. விழிப்பின் பிடி ஓரிடத்தில் விட்டும் ஓரிடத்தில் விடாமலும் இருக்கும் அவ்வேளையில், மூளைத் தண்டிலிருந்து ஒரு திடீர்த் தூண்டல் முதுகுத்தண்டு வழியே பாய்ந்து தசைகளைச் சுண்டிவிடுகிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அச்சுருக்கம் நீடிப்பது கால் வினாடி கூட இராது. பெரும்பாலும் கால்களே உதறும்; சில வேளை கைகளும் கழுத்தும் சேர்ந்துகொள்ளும். பிரிட்டனைச் சேர்ந்த இயன் ஆஸ்வால்டு என்னும் ஆய்வாளர், உறங்கத் தொடங்கும்போது வரும் இவ்வுதறல்களை மின்பதிவோடு ஆராய்ந்து 1959-ஆம் ஆண்டு ‘பிரெயின்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார்.

அப்படியானால் விழுவது போன்ற உணர்வு எங்கிருந்து வந்தது? தசைகள் தளரும்போது, உடலைத் தாங்கி நின்ற பிடிமானம் போய்விட்டதாக மூளை தவறாகப் பொருள்கொள்கிறது என்பர் சிலர். உதறல்தான் முதலில் வருகிறது, பாதி உறக்கத்தில் இருக்கும் மனம் அதற்கொரு காரணத்தைக் கற்பித்துப் படி தவறியதாகக் காட்சி தருகிறது என்பர் வேறு சிலர். இரண்டில் எது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை. மரக்கிளையில் உறங்கிய குரங்கு விழாதிருப்பதற்காக ஏற்பட்ட பழக்கத்தின் மிச்சம் இது என்றொரு கதையும் உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் மெய்ப்பிக்க வழியில்லாத ஊகம் அது. சிலருக்கு விழும் உணர்வே இராது; ஒளி மின்னுவது போலவோ, பேரொலி கேட்டது போலவோ தோன்றும்.

இதுவரை சொன்னதில் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. ஆயினும் இந்தக் கால் வினாடி உதறல் ஒரு குடும்பத்தையே கலக்கியதை நான் பார்த்திருக்கிறேன். 1994-ஆம் ஆண்டு அது. எங்கள் கடற்கரையூரில் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவதே வழக்கம். துபாயிலிருந்து விடுப்பில் வந்து மணமுடித்த 25 வயது மாப்பிள்ளை, மூன்றாம் இரவு கண்ணயர்ந்த சற்று நேரத்தில் காலை உதறி, “ஆ!” என்று கத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மறுநாளும் அப்படியே. பதறிப்போன பெண், உம்மாவிடம் சொல்லிவிட்டாள். உம்மாவோ தம் காக்காவிடம் சொன்னார். “வலிப்பு நோயை மறைத்து நம் பிள்ளையைக் கட்டிவிட்டார்கள்” என்று அவர் முடிவே கட்டிவிட்டார். லெப்பையை அழைத்து ஓதிப் பார்த்தாயிற்று. ஜமாஅத்தில் முறையிட வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அந்நிலையில்தான் பெண்ணின் உம்மா என்னிடம் வந்து, “லாத்தா, உங்களுக்குத் தெரியாததா? இது காக்காய் வலிப்புத்தானே?” என்று கேட்டார்.

இயந்திரத்தைவிடக் கேள்விகளே இங்கு அதிகம் சொல்லும். எனவே பெண்ணைத் தனியே அழைத்து விசாரித்தேன். எப்போது வருகிறது? படுத்துச் சில நிமிடங்களுக்குள். எத்தனை முறை? ஒரு முறை, ஒரு நாள் மட்டும் இரண்டு முறை. கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா? உடனே சொல்கிறார், படியிலிருந்து விழுந்தது போலிருந்தது என்று சிரிக்கவும் செய்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டாரா, படுக்கை நனைந்ததா, எழுந்த பின் நெடுநேரம் குழம்பிக் கிடந்தாரா? எதுவுமில்லை. நடு இரவில் மீண்டும் மீண்டும் உதைக்கிறாரா? இல்லை. கடைசியாக ஒன்று கேட்டேன்: “சுப்ஹுக்கு எழுந்து ஒளுச் செய்யும்போது கையிலிருந்து செம்பு நழுவி விழுகிறதா? தேநீர்க் குவளை துள்ளிச் சிந்துகிறதா?” அதுவும் இல்லை என்றாள்.

அந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. வளரிளம் பருவத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பில், இதே போன்ற சுண்டல்கள் தோன்றும். ஆனால் அவை உறங்கப் போகும்போதன்றி, விழித்தெழுந்த சிறிது நேரத்துக்குள், நல்ல நினைவோடு இருக்கையில், பெரும்பாலும் கைகளில் வரும். சீப்பும் கரண்டியும் கை தவறிப் பறக்கும். உறக்கம் கெட்ட மறுநாள் காலையில் கூடுதலாக வரும். “கவனக்குறைவு” என்று பிள்ளையைத் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்நோய் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் போவதுண்டு.

அவர்கள் மனநிறைவுக்காக நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் மின்பதிவு எடுக்கச் சொன்னார். முந்திய இரவு குறைவாகத் தூங்கிவிட்டு, காலையில் தேநீர் குடியாமல், எண்ணெய் போகத் தலைமுழுகி வரவேண்டும் என்பது விதி. தேங்காயெண்ணெய் இருந்தால் மின்வாய்கள் தலையில் ஒட்டா. மாப்பிள்ளையின் தலையை அளந்து, குறியிட்டு, ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். அக்காலத்தில் எல்லாம் காகிதம்தான். வினாடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும், ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடி. அரையிருட்டில் பேனாக்கள் கிறுகிறுவென்று எழுதும் ஓசை மட்டும் கேட்கும்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் சீரான அலைகள் சிதறின. விழிகள் உருளும் மெல்லிய வளைவுகள் தெரிந்தன. அடுத்த பக்கத்தில் எல்லாப் பேனாக்களும் ஒருசேரப் பதறி ஒரு கருந்திட்டு எழுதின. வலக்கால் கட்டிலில் இடித்தது. அவர் கண்ணைத் திறந்தார். “என்ன?” என்றேன். “விழப் பார்த்தேன்” என்றார். காகித ஓரத்தில், ‘வலக்கால் உதறல், உடனே பதில்’ என்று எழுதினேன். அந்தக் கருந்திட்டு, தசையின் மின்சாரம். அதற்கு முன்னும் பின்னும் வலிப்புக்குரிய ஈட்டிமுனை அலை ஒன்றுகூட இல்லை. பழைய விழிப்பு அலைகளே திரும்பி ஓடின. உதறலே பதிவில் அகப்பட்டது நல்வாய்ப்பு. இல்லையென்றால், தெளிவான ஒரு மின்பதிவு மட்டும் வலிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகிவிடாது. வலிப்புள்ளவர்களுக்கும் சில வேளை பதிவு சாதாரணமாகவே வரும். அதனால்தான் அந்த மருத்துவரும் காகிதத்தைப் பார்க்குமுன் பெண்ணிடம் என் கேள்விகளையே திரும்பக் கேட்டார்.

பதிவு வேறுவிதமாக வந்திருந்தால்தான் என்ன? அந்தவகை வலிப்பு மாத்திரைக்கு நன்கு கட்டுப்படுவது. குடும்பத்தைப் பிரிப்பதற்கு அது ஒரு காரணமே அன்று. இதை அந்தக் காக்காவிடம் நேரிலேயே சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரி, துபாயில் இல்லாத உதறல் இங்கு ஏன் வந்தது? அங்கும் இருந்திருக்கலாம், தனியே படுப்பவருக்கு யார் சொல்வார்? தவிர, இதனை மிகுதியாக்கும் பொருள்கள் யாவும் அந்த வாரம் ஒன்றுகூடியிருந்தன. திருமண வீட்டுக் கண்விழிப்பு, புது வீட்டின் கூச்சம், மனப்பதற்றம், இவற்றோடு நள்ளிரவுவரை விருந்தினரோடு அமர்ந்து குடித்த கடுந்தேநீர். தேநீரிலும் காப்பியிலும் உள்ள ‘கஃபீன்’ உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். இரவு 9 மணிக்குக் குடித்ததில் பாதி, இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். அஸருக்குப் பிறகு தேநீர் வேண்டாம், படுக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று மட்டும் மருத்துவர் சொன்னார். மாத்திரை எதுவும் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் அது எப்போதாவது வருவதாகக் குறைந்தது.

படுக்குமுன் கடுமையாக உடற்பயிற்சி செய்வதும், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் இதனை மிகுவிக்கக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடமே சொல்ல வேண்டும். இன்று வருமோ என்று காத்துக்கொண்டே படுப்பவருக்கு, அந்த அச்சமே உறக்கத்தை விரட்டுகிறது. உறக்கக் குறைவு மறுநாள் உதறலை வளர்க்கிறது. இந்தச் சுழலில் சிக்கியவர்கள் மருத்துவரைக் காண்பதே நலம். உறங்கிய பிறகு 20 முதல் 40 வினாடிக்கு ஒரு முறை கால் சீராக மடங்கி நீண்டுகொண்டிருந்தால் அது வேறு கோளாறு. படுத்திருப்பவருக்கே தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தாம் சொல்ல வேண்டும். அவரிடம் இரும்புச் சத்தின் அளவைச் சோதிப்பது வழக்கம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த உதறலை நான் அலட்சியம் செய்யமாட்டேன். வண்டி ஓட்டுபவருக்கு அது வந்தால், உறக்கம் வரப்போகிறது என்று பொருளன்று. வந்துவிட்டது என்று பொருள். விழிப்பலைகள் உடைந்த பிறகே அது வருகிறது என்பதைத்தான் அந்தக் காகிதம் காட்டியது. இரவுப் பயணத்தில் ஓட்டுநரின் தோள் ஒரு முறை துள்ளக் கண்டால், பாட்டை உரக்க வைப்பதாலும் சன்னலைத் திறப்பதாலும் பயனில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரமாவது அவரைக் கண்ணயர விடுங்கள்.