செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

கல்லூரியில் சமூகவியல் பயிலும் என் தங்கை மகன் சென்ற மாதம் ஒரு கட்டுரையை என்னிடம் நீட்டி, "மாமா, திருத்தித் தாருங்கள்" என்றான். இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவின் கோட்பாட்டை உதுமானியப் பேரரசுக்குப் பொருத்தியிருந்தான். நம் அறிஞர் வென்றுவிட்டார் என்ற களிப்புடன் படிக்கத் தொடங்கினேன். அந்தக் களிப்பே என் கண்ணை மறைத்தது.

கோட்பாடு இதுதான்: அஸபிய்யத் எனும் குழுப்பிணைப்பு உடைய கூட்டம் அரசைக் கைப்பற்றும், நகர வாழ்வின் சுகத்தில் அப்பிணைப்பு தளரும், நாற்பதாண்டுத் தலைமுறைகள் மூன்று, அதாவது ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அரசு வீழும்.

உதுமானியரோ அறுநூறு ஆண்டுகளுக்கு மேல், 1922 வரை ஆண்டனர். மருமகன் அசரவில்லை, ஒவ்வொரு தலைமுறையையும் இருநூறு ஆண்டாக நீட்டிவிட்டான்! செருப்புச் சிறியதென்று காலை வெட்டும் கதையன்றோ இது? மற்றொரு பிழை நுட்பமானது. வென்ற இடத்தில் பிணைப்பு இருந்தது என்றும், தோற்ற இடத்தில் தளர்ந்தது என்றும் எழுதியிருந்தான். வெற்றியைக் கொண்டே பிணைப்பை அறிந்து, பிணைப்பைக் கொண்டே வெற்றியை விளக்கினால், அக்கோட்பாடு ஒருநாளும் பொய்க்காது; ஒன்றையும் விளக்கவும் செய்யாது. பிணைப்புக்கான சான்று போர்முடிவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

"யெனிச்சேரிப் படையை எங்கே வைப்பாய்?" என்று மட்டும் கேட்டுத் திருப்பித் தந்தேன்.

இரண்டாம் கட்டுரை வேறாக இருந்தது. பைஸாந்திய எல்லையில் சிறு போர்க்குழுவாக எழுந்து 1326-இல் புர்ஸாவைக் கைக்கொண்ட தொடக்கத்துக்குக் கோட்பாடு ஓரளவு பொருந்துகிறது என்றான். அதற்குப் பின் முரண்பாட்டை மறைக்கவில்லை. அரசன் தன் குலத்தாரை ஒதுக்கி, வளர்ப்புப் பணியாளரையும் கூலிப்படையையும் நம்புவது முதுமையின் அறிகுறி என்பது இப்னு கல்தூனின் கணிப்பு. உதுமானியரோ பால்கன் கிறித்தவச் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றி, சுல்தானுக்கே கட்டுப்பட்ட படையாக்கினர். அது அவர்களுடைய வளர்ச்சிக் காலத்தின் வலிமையாயிற்று. அறிகுறி ஒன்றே, விளைவு எதிர். ஆகவே பிணைப்பு குருதியால் மட்டுமன்றிப் பயிற்சியாலும் உண்டாகலாம் என்றும், 120 ஆண்டுக் கணக்கு இங்கே பொருந்தவில்லை என்றும் முடித்திருந்தான்.

முதற்கட்டுரையில் கோட்பாடு முழுவெற்றி பெற்றது. நான் எதையும் கற்கவில்லை. இரண்டாவதில் அது பாதி தோற்றது; எங்கே தோற்றது, ஏன் தோற்றது என்று அறிந்தேன். இதற்கே மதிப்பெண் மிகுதி என்றேன்.

"இப்னு கல்தூனைக் குறை சொன்னதாகாதா, மாமா?" என்றான்.

செவிவழிச் செய்தியை உலகியல்போடு ஒப்பிட்டுச் சோதிக்காமல் ஏற்ற வரலாற்றாசிரியர்களைக் கடிந்துகொண்டவர் அவர். அவர் தந்த அளவுகோலைத்தானே நீ அவர்மீது வைத்தாய் என்றேன்.