பழைய பேப்பரோடு போன வருமான வரி நோட்டீஸ்... கெடு தேதியைக் கண்டுபிடித்த கதை!

2024 ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அம்மா மூன்று மாத பேப்பரை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டார். அதில் ஒரு நாளிதழுக்குள் அப்பா பத்திரமாக (!) மடித்து வைத்திருந்த வருமான வரி நோட்டீஸும் சேர்ந்து போய்விட்டது. இது எங்களுக்குத் தெரியவந்தது அக்டோபர் 14-ம் தேதி இரவு. நான் சென்னையில் இருந்தேன். அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, இன்கம் டாக்ஸ்லேருந்து போர்ட்டலைப் பாருங்கன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு. பிரவுசிங் சென்டர் தம்பி போன வாரம் ஒரு பேப்பர் குடுத்தான். அதைத்தான் காணோம்."

அந்தத் தம்பிதான் ஜூலையில் அப்பாவுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்தவர். அப்பாவுக்கு மெயில் பழக்கமில்லை என்று தன் கடை மெயில் ஐடியையே போட்டிருக்கிறார். நோட்டீஸ் அங்கேதான் போயிருக்கிறது. ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு மெயிலை அழித்துவிட்டார். இன்பாக்ஸ் நிறைந்துவிடுமாம். ஆக, எங்கள் கையில் மிச்சமிருந்தது எஸ்.எம்.எஸ் மட்டும். அதில் நோட்டீஸ் எண்ணும் இல்லை, எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை.

தினமும் செய்தித்தளத்தில் 'போலி எஸ்.எம்.எஸ், உஷார்' என்று எழுதுகிற ஆள் நான். அதனால் அப்பாவிடம் முதலில் சொன்னது, "மெசேஜ்ல இருக்கிற லிங்க்கைத் தொடாதீங்க." பிரவுசரில் incometax.gov.in என்று நானே டைப் செய்து உள்ளே போனேன். பயனர் பெயர் அப்பாவின் பான் எண். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. நல்லவேளை, அப்பாவின் ஆதாருடன் அவர் செல்போன் எண் இணைந்திருந்தது. ஓ.டி.பி-யை அவர் போனில் ஒவ்வோர் எண்ணாகப் படிக்க, புது பாஸ்வேர்டு போட்டோம்.

உள்ளே போனதும் நான் செய்த முதல் தவறு, தாக்கல் செய்த ரிட்டர்ன்களின் பட்டியலுக்குப் போனது. அங்கே 15 இலக்கத்தில் ஓர் எண் இருந்தது. "கிடைச்சிடுச்சுப்பா" என்று சொல்லியும்விட்டேன். அது ரிட்டர்ன் தாக்கல் செய்ததற்கான ஒப்புகை எண். நோட்டீஸ் எண் வேறு. பதிலுக்கு இரண்டுமே தேவைப்படும் என்பதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

நோட்டீஸ் இருக்கும் இடம் மேலே உள்ள 'Pending Actions' என்ற பகுதி. அதற்குள் 'e-Proceedings'. அதைத் திறந்ததும், 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 139(9) பிரிவில், அதாவது 'குறைபாடுள்ள ரிட்டர்ன்' என்று ஒரு நோட்டீஸ் காத்திருந்தது. விவரத்துக்குள் போனால் நாங்கள் தேடிய எல்லாமே வரிசையாக இருக்கிறது: 'Notice/Communication Reference ID', வெளியிட்ட தேதி, பதில் தருவதற்கான கடைசித் தேதி. எடைக்குப் போன அதே நோட்டீஸின் பி.டி.எஃப்-பும் அங்கேயே இருந்தது. டவுன்லோடு செய்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதேதான், இதேதான்" என்றார். பேப்பர்காரரைத் தேடி சைக்கிளை எடுக்கத் தயாராக இருந்தவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அடுத்து வந்தது தேதிச் சண்டை.

நோட்டீஸ் வெளியான தேதி அக்டோபர் 5. இந்த வகை நோட்டீஸுக்குச் சட்டம் தருவது 15 நாள்கள். அப்பாவின் கணக்கு என்னவென்றால், "நமக்கு மெசேஜ் இன்னிக்குத்தானே கண்ணுல பட்டுது? அப்போ இன்னும் 15 நாள் இருக்கு. தீபாவளிக்கு நீ வருவேல்ல, அப்போ பார்த்துக்கலாம்." தீபாவளி அக்டோபர் 31. எஸ்.எம்.எஸ் என்பது ஒரு நினைவூட்டல்தான், அதை நாம் எப்போது பார்த்தோம் என்பதற்குக் கணக்கில் இடமில்லை. 5-ம் தேதியோடு 15 நாள்களைக் கூட்டினால் 20. திரையிலும் கடைசித் தேதி அக்டோபர் 20 என்றே இருந்தது. 9 நாள்கள் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் 6 நாள்.

நான் இரண்டு இடத்தில் சரிபார்த்தேன். ஒன்று திரை, இன்னொன்று பி.டி.எஃப். இரண்டும் ஒத்துப்போனால் பிரச்னை இல்லை. ஒத்துப்போகாவிட்டால், எது முந்தைய தேதியோ அதையே கெடுவாக வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. எல்லா நோட்டீஸுக்கும் 15 நாள்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. 143(1)(a) பிரிவில், 'உங்கள் கணக்கில் இந்த மாற்றத்தைச் செய்யப்போகிறோம்' என்று வரும் நோட்டீஸுக்கு 30 நாள்கள். அதனால் முதலில் பிரிவு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நாள்களை எண்ண வேண்டும்.

இந்தத் தேதிக்கு நான் ஏன் இவ்வளவு பதறினேன் என்றால், கெடுவுக்குள் குறையைச் சரிசெய்யாவிட்டால் ரிட்டர்னைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அதாவது, தாக்கலே செய்யாத மாதிரி. அப்பாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு அந்த ஆண்டு வந்த வட்டி 62,000 ரூபாய். வங்கி அதில் 10 சதவிகிதம், 6,200 ரூபாயை டி.டி.எஸ் பிடித்திருந்தது. பென்ஷனையும் வட்டியையும் சேர்த்து, நிலையான கழிவு போக 4,92,000 ரூபாய்தான் வருமானம் என்பதால் வரி ஏதும் இல்லை, 6,200-ம் திரும்ப வர வேண்டிய பணம். பிரவுசிங் சென்டர் தம்பி டி.டி.எஸ்-ஸைத் திரும்பக் கேட்டுவிட்டு, அந்த வட்டியை வருமானத்தில் காட்ட மறந்துவிட்டார். 'வரிப் பிடித்தத்தைக் கேட்கிறீர்கள், அதற்கான வருமானம் எங்கே?' என்பதுதான் நோட்டீஸின் சாரம். ரிட்டர்ன் செல்லாமல் போயிருந்தால், டிசம்பர் 31-க்குள் தாமத ரிட்டர்ன் போட்டு, அதற்கு 1,000 ரூபாய் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும்.

"இது நிஜமாவே அவங்க அனுப்பினதுதானா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. போர்ட்டலுக்குள்ளேயே இருப்பதால் சந்தேகம் வேண்டாம். ஆனால் நோட்டீஸ் பேப்பராகவோ மெயிலாகவோ மட்டும் கையில் இருந்தால், லாகின் செய்யாமலேயே முகப்புப் பக்கத்தில் 'Authenticate Notice/Order Issued by ITD' என்ற வசதியில் பார்க்கலாம். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணையும் செல்போன் எண்ணையும் கொடுத்தால் ஓ.டி.பி வரும். எண் தெரியாவிட்டால் பான், ஆவண வகை, மதிப்பீட்டு ஆண்டு, வெளியான தேதி ஆகியவற்றைக் கொடுத்தும் பார்க்கலாம். நோட்டீஸ் உண்மையானதா என்பதைத்தான் அது சொல்லும். கெடு தேதிக்கு 'e-Proceedings'-க்குத்தான் போக வேண்டும்.

17-ம் தேதி இரவு திருத்திய ரிட்டர்னைத் தயார் செய்தேன். ரிட்டர்ன் படிவத்திலேயே, 139(9) நோட்டீஸுக்குப் பதிலாகத் தாக்கல் செய்கிறோம் என்று தேர்ந்தெடுத்து, பழைய ரிட்டர்னின் ஒப்புகை எண், அதைத் தாக்கல் செய்த தேதி, நோட்டீஸின் எண், நோட்டீஸின் தேதி என நான்கையும் தனித்தனியாகக் கேட்கிறது. முதல் நாள் நான் குழம்பிய இரண்டு எண்களும் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில்! வட்டி 62,000-ஐச் சேர்த்தேன். ஒருமுறை பதிலைச் சமர்ப்பித்துவிட்டால் திரும்பப் பெறவோ திருத்தவோ முடியாது என்பதால், அப்பாவை போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தொகையையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். பிறகு ஆதார் ஓ.டி.பி மூலம் இ-வெரிஃபை. அதைச் செய்யாவிட்டால் தாக்கல் முழுமையாகாது. கடைசியாகத் திரையில் வந்த பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

கையோடு 'My Profile' பகுதிக்குப் போய், கடை மெயில் ஐடியை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். அதற்கும் ஒரு ஓ.டி.பி. அன்றைய இரவில் எத்தனையாவது என்று எண்ணவில்லை, ஆனால் அப்பா எண்ணியிருந்தார்.

"இது ஏழாவது. போதுமாம்மா, நான் தூங்கலாமா?"