சாம்பல் அள்ளாத அடுப்பு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர் ஒருவர்)

பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அம்மா நெல் காயவைத்துக் கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில், "அம்மா, இந்தச் சூரியனும் ஒருநாள் எரிபொருள் தீர்ந்து, ஊதிப் பெருத்து, பிறகு செத்துப்போகும்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "விறகு தீந்தா அடுப்பு அணையும். ஊதிப் பெருக்குமாடா தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேர்வில் அதே வினாவுக்குப் பத்து மதிப்பெண் வாங்கியவன் நான்! கல்லூரி திறந்ததும் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சூரியனின் மையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. ஹீலியம்தான் சாம்பல். அம்மா தினமும் சாம்பலை அள்ளிவிடுவார்; சூரியனுக்கு அள்ள ஆளில்லை. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையம் முழுவதும் சாம்பலாகிவிடும். அதை எரிக்க 10 கோடி டிகிரி வேண்டும். அவ்வளவு வெப்பம் அப்போது அங்கே இராது.

நெருப்பு நின்றதும் மையம் தன் எடையாலேயே நசுங்குகிறது. நசுங்கினால் சூடேறும். அந்தச் சூட்டில், சாம்பலைச் சுற்றி மிஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் முன்னைவிடப் பன்மடங்கு வேகமாக எரிகிறது. அதுதான் வெளிப்பகுதியைத் தள்ளி ஊதவைக்கிறது. ஆக, விறகு தீர்ந்தது அடுப்பின் நடுவில் மட்டும்தான்! பரப்பு பெருகுவதால் மேற்பகுதி குளிர்ந்து சிவக்கிறது. இதுவே செம்பூதம். இருநூறு மடங்குக்கு மேல் பெருத்து அது புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். பூமி தப்புமா என்பது உறுதியில்லை. தப்பினாலும் பயனில்லை. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகி வருவதால், அதற்கு வெகுகாலம் முன்பே கடல்கள் வற்றியிருக்கும்.

நசுங்கும் மையம் ஒருநாள் 10 கோடி டிகிரியைத் தொடும். அப்போது சாம்பலும் எரிந்து கரியாகவும் ஆக்சிஜனாகவும் மாறும். அந்தக் கரியை எரிக்கும் அளவுக்கு நம் சூரியனுக்கு எடை போதாது. வெளிப்பகுதி விண்வெளியில் கலைந்து போக, மிஞ்சுவது பூமியளவே உள்ள வெண்குள்ளன். அதன் நிறையோ இன்றைய சூரியனில் ஏறத்தாழப் பாதி! நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்புதான் அது மேலும் நசுங்காமல் தாங்குகிறது. இந்தத் தாங்குசக்திக்கு எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை. அதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 19. எனக்கு இருபது.

நம் சூரியன் அந்த எல்லைக்குள் அடங்கியது. எனவே வெடிக்காது, புது நெருப்பின்றி, இருக்கும் சூட்டை இழந்து கோடானுகோடி ஆண்டுகள் ஆறிக்கொண்டே கிடக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அடுப்பையும் சாம்பலையும் வைத்தே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இப்படிச் சொன்னா எனக்கும் புரியுதே" என்றார். நான் வாங்கிய பத்து மதிப்பெண் அன்றுதான் எனக்குச் சொந்தமாயிற்று.