தணிக்கைத் தமிழ்

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சங்கம், பெயர் வேண்டாம். அதன் உள் தணிக்கை அறிக்கை ஆங்கிலத்தில் வந்திருந்தது. உறுப்பினர்களில் பாதிப்பேர் விசைத்தறிக்காரர்கள். கூட்டத்தில் வாசிக்கத் தமிழில் வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஒருவர் தமிழாக்கியிருந்தார். அதைப் படித்த செயலாளர், "அண்ணா, நான் திருடின மாதிரியே இருக்குதுங்க" என்றார். ஓய்வு பெற அவருக்கு எட்டு மாதம்தான் பாக்கி.

விஷயம் சின்னது. ஏழு செலவுகளுக்கு, மொத்தம் 18,640 ரூபாய்க்கு, வவுச்சர் தணிக்கையாளர் கண்ணில் படவில்லை. தமிழில் அது, "செயலாளர் வவுச்சர்களைக் காட்டத் தவறிவிட்டார், 18,640 ரூபாய் கணக்கில் வராத பணம்" என்று ஆகியிருந்தது. 'கணக்கில் வராத பணம்' என்பது லஞ்ச ஒழிப்புச் செய்தியில் வரும் சொல். இங்கே பணம் ரொக்கப் புத்தகத்தில் செலவாக ஏறியிருந்தது, சீட்டுதான் இல்லை.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். அதில் 'கோன்ஸ்தா' என்று ஒரு சொல் உண்டு: கண்டதைக் கண்டபடி பதிவது. பிரான்சில் இரண்டு கார்கள் மோதினால், ஓட்டியவர்கள் இருவரும் ஒரே படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவார்கள். அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. நடந்தது இதுதான் என்று மட்டுமே பொருள். தணிக்கைக் குறிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே இப்படி எழுதினேன்: "ஏழு செலவினங்களுக்கான (ரூ.18,640) வவுச்சர்கள் தணிக்கையின்போது பார்வைக்கு வைக்கப்படவில்லை." ஆளை எடுத்துவிட்டேன், தொகையை எடுக்கவில்லை. 'வவுச்சர் இல்லை' என்றும் எழுதவில்லை. அது இருக்கிறதா இல்லையா என்பது தணிக்கையாளருக்கே தெரியாது; தான் பார்க்கவில்லை என்பதுதான் தெரியும்.

அடுத்தது நிர்வாகத்தின் பக்கம். 'விளக்கம்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். 17(பி) மெமோ பார்த்த நம் தலைமுறைக்கு அந்தச் சொல்லே வயிற்றைக் கலக்கும். 'பதிலுரை' என்று மாற்றினேன். உள்ளே 'ஒப்புக்கொள்கிறோம்' என்றிருந்தது. அது போலீஸ் ஸ்டேஷன் வாக்குமூலம். 'தணிக்கைக் குறிப்பு ஏற்கப்படுகிறது' என்றால் போதும். அதற்குக் கீழே, "ஐந்து வவுச்சர்கள் (ரூ.15,200) கண்டெடுக்கப்பட்டு நகல் இணைக்கப்பட்டுள்ளது. மீதி இரண்டுக்கு (ரூ.3,440) கடைக்காரரிடம் நகல் கேட்கப்பட்டுள்ளது."

தலைவர் அந்தக் கடைசி வரியை, "மீதியும் விரைவில் சரிசெய்யப்படும்" என்று மாற்றச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. 3,440 ரூபாய் மறைந்துபோனால் அது மரியாதை ஆகாது, மழுப்பல். கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "மீதி எவ்வளவுங்க?" என்று கேட்பார். அப்போது வாய் திறக்க முடியாமல் நிற்பவர் செயலாளர்தான். தொகை தாளிலேயே இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.