பக்கம் தாண்டிய "இல்லை"

கோட்டைமேட்டில் எங்கள் ஜமாஅத்துக்காக அச்சிடவிருந்த சிறு துஆ நூலொன்றின் பக்க மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். 23ஆம் பக்கத்தின் அடிவரி, "அல்லாஹ்வைத் தவிர வணக்கத்திற்குரியவன் வேறு எவனும்" என்று முடிந்திருந்தது. தாளைத் திருப்பினால், 24இன் தலையில் "இல்லை" மட்டும் தனித்து நின்றது. பத்தியின் கடைசி வரி இவ்வாறு அடுத்த பக்கத்தில் ஒதுங்குவதை அச்சுத்துறையில் 'விடோ' என்பர். தமிழில் மறுப்புச் சொல் இறுதியில் வருவதால், இங்கே கலிமாவின் பொருளே பிளவுபட்டது.

அடிவரியின் சொல்லிடைவெளிகளை மட்டும் நெருக்கினால் அவ்வரி கறுத்துத் தெரியும். ஆகவே பத்தியின் மேல்வரிகளில் தேடினேன். விளக்கவுரையில் 'மேலும்' என்ற சொல் மிகையாக இருந்தது. அதன்மீது கோடிட்டு, ஓரத்தில் சுழித்த வாலுடைய நீக்கற்குறியை இட்டேன். "இல்லை"யை வட்டமிட்டு, முன்வரியில் சேர்க்குமாறு குறித்தேன்.

இரண்டாம் மெய்ப்பில் அச்சொல் 23க்கு வந்துவிட்டது. ஆனால் 24இல் ஒரு வரி காலியானதால், புதிய பத்தியின் முதல் வரி அதன் அடியில் அநாதையாக வந்து நின்றது. இதுவே 'ஆர்ஃபன்'. அதை 25க்குத் தள்ளி, எதிரெதிரான அவ்விரு பக்கங்களையும் ஒரு வரி குறைவாக முடிக்கச் சொன்னேன். மூன்றாம் மெய்ப்பில் 26ஆம் பக்கம் வரை பார்த்த பின்னரே கையொப்பமிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.