ஆறா, ஒன்பதா?



இங்கிலாந்து மருத்துவமனைகளில் பணியாற்றும் தமிழ் முஸ்லிம் செவிலியரும் மருத்துவருமாகிய நாங்கள் சிலர், மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் இணையவழியில் கூடி, ஒரு கற்பனை நோயாளியை முன்வைத்துச் சிந்திப்பது வழக்கம். சென்ற மாதப் பயிற்சியை எங்களுள் மூத்த செவிலியச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் அதில் பங்கு இருப்பதால் இங்கே பகிர்கிறோம்.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறோம். லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய இதனை வார்டில் 'நியூஸ்-2' என்பர். மூச்சின் எண்ணிக்கை, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, இரத்த அழுத்தத்தின் மேல் எண், நாடி, விழிப்புணர்வு, உடல் வெப்பம் ஆகிய ஏழையும் பார்த்து, இயல்பிலிருந்து விலகிய அளவுக்கேற்ப மதிப்பெண் இடுவர். கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். ஏழைத் தொட்டால் அவசரக் குழு வர வேண்டும்.

பயிற்சியில் வந்தவர் அறுபத்தெட்டு வயதுத் தாய். பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றி முனைகளை இணைத்துத் தைத்த நான்காம் நாள். இரத்த அழுத்தத்திற்காகப் பிசோப்ரோலால் உட்கொள்பவர். காலை ஆறு மணிக்கு எல்லாம் இயல்பு, மதிப்பெண் பூஜ்யம்.

பத்து மணிக்கு மூச்சு நிமிடத்திற்கு 21, அதற்கு இரண்டு. ஆக்சிஜன் 95 விழுக்காடு, அதற்கு ஒன்று. நாடி 88, அழுத்தம் 118, வெப்பம் 37.6, இவற்றிற்கு ஒன்றுமில்லை. மொத்தம் மூன்று. 'வலியாக இருக்கலாம், கழிவறைக்கு நடந்து வந்திருக்கலாம்' என்று எங்களுள் பலர் கூறினர். ஆனால், உடலுக்குள் தொற்று பரவி இரத்தத்தில் அமிலம் சேரும்போது, அதை வெளியேற்ற முதலில் வேகமெடுப்பது பெரும்பாலும் மூச்சுதான். நாடியும் உடன் ஏறியிருக்க வேண்டுமே என்றால், பிசோப்ரோலால் அதை அடக்கி வைத்திருக்கிறது. இவருக்கு 88 என்பது ஆறுதல் தரும் எண் அன்று. மூச்சையும் கருவி எண்ணுவதில்லை. கண்ணால் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடத்தோடு நிறுத்துவதும், பேசிக்கொண்டிருக்கையில் எண்ணுவதும் நாங்கள் அன்றாடம் காணும் குறைகள்.

மதியம் இரண்டு மணிக்கு மூச்சு 24, அதற்கு இரண்டு. ஆக்சிஜன் 94, அழுத்தம் 106, நாடி 92, வெப்பம் 38.1, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஆக மொத்தம் ஆறு. தாய் கண்விழித்திருக்கிறார், கேட்டால் தலையசைக்கிறார். அருகிலிருக்கும் மகள் மட்டும், "லுஹர் நேரத்தில் உம்மா சுபுஹுக்குப் பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்கிறார், நேற்று இப்படி இல்லை" என்கிறார்.

எங்கள் விவாதம் சூடேறியது இங்கேதான். ஒருவர் ஆறு என்றார். மற்றொருவர் ஒன்பது என்றார். ஒன்பதே சரி. புதிதாய்த் தோன்றிய குழப்பத்திற்கு மூன்று மதிப்பெண் என்பது 2017-இன் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. தமிழ் அறியாத செவிலியருக்கு அந்தத் தாய் அமைதியாய்ப் படுத்திருப்பவர். மகளுக்கோ அவர் வேறொரு ஆளாகத் தெரிகிறார். மகளின் சொல்லைக் கணக்கில் கொண்டால், மணிக்கொரு முறை அளப்பது என்ற நிலை மாறித் தொடர் கண்காணிப்பும் அவசரக் குழுவும் வரும்.

அடுத்து என்ன? மதிப்பெண் நோயின் பெயரைச் சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். குடல் தையலுக்குப் பிந்தைய நான்காம் நாள், வயிற்றில் கூடிவரும் வலி, குறைந்துவரும் சிறுநீர் (இவ்விரண்டும் அந்த ஏழில் இல்லை) ஆகியவை தையல் கசிவைச் சுட்டின. இரத்தத்தில் லாக்டேட், கிருமி வளர்ப்புச் சோதனை, ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி, நரம்புவழித் திரவம், அறுவை மருத்துவருக்கு அழைப்பு, சி.டி. படம் என முடிவு செய்தோம். படம் எடுக்கும் வரை மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்ட இளைய மருத்துவருக்கு, கூடாது என்றே எல்லோரும் ஒரே குரலில் பதிலளித்தோம்.

குடும்பத்தாருக்கு ஒரு செய்தி. 'இன்று ஏதோ சரியில்லை' என்பதைவிட, 'நேற்று மாலை பேரப்பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொன்னார், இன்று காலை முதல் மாறிவிட்டார்' என்று சொல்லுங்கள். குழப்பம் புதியதா பழையதா என்பதைப் பொறுத்தே அந்த மூன்று மதிப்பெண் அமையும். சொல்லியும் கவனிக்கப்படவில்லை என்றால், இங்கிலாந்தில் 2024 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த 'மார்த்தா விதி' உண்டு. அவ்விதி உள்ள மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சை அனுபவமுள்ள வேறொரு குழுவைக் குடும்பத்தாரே எந்நேரமும் அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். அதற்கான தொலைபேசி எண்ணை, நோயாளியைச் சேர்த்த அன்றே வார்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.